சிரிப்பு முடியும் இடத்தில் சரக்கு

பொருட்காட்சியில் செய்துகாட்டி விற்பவரின் கடை முன்னால், அவர் வாய் திறக்கும்வரை யாரும் நிற்பதில்லை. சென்னைத் தீவுத்திடலிலோ, மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியிலோ மாலை ஏழு மணிக்கு நடந்துபோகும் கூட்டம் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வந்த கூட்டம். காய் நறுக்கும் கருவி வாங்கியே தீருவது என்று வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் அதில் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். அவர்களிடம் பொருளின் பெயரைச் சொல்லித் தொடங்கினால், “வேண்டாம்” என்ற பதில் பெயர் காதில் விழும்போதே தயாராகிவிடும். ஒரு கதையைச் சொல்லித் தொடங்கினால் அந்தப் பதிலைச் சொல்ல இடமே இல்லை. பக்கத்து வீட்டு மாப்பிள்ளை என்ன செய்தார் என்று கேட்டுவிட்டுப் போவதில் யாருக்கும் காசு செலவாகப் போவதில்லையே.

வேடிக்கைக் கதை சொல்லி வியாபாரத்தைத் தொடங்கும் வழக்கம் இப்படித்தான் உலகத்துச் சந்தைகள் எல்லாவற்றிலும் வேரூன்றியது. ஆனால் கூட்டத்தை நிறுத்துவது பாதி வேலைதான். நம்மூர் மோடிமஸ்தான் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லியே கூட்டத்தை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துத் தாயத்து விற்றுவிடுவார். சண்டை மட்டும் கடைசிவரை நடக்காது. அந்தச் சண்டைக்கும் தாயத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கூட்டம் ஏமாந்த எரிச்சலோடுதான் கலையும். அடுத்த வாரம் அதே ஊரில் அவர் கடை போட முடியாததற்குக் காரணமும் அதுதான். வியாபாரக் கதை இதைவிட நுட்பமான ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. சிரிப்பு எந்த இடத்தில் வெடிக்கிறதோ, அதே இடத்தில் பொருள் கைக்கு வர வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானில் இருக்கிறது. எடோ காலத்தில் த்சுகுபா மலையின் பெயரைச் சொல்லித் தேரைத் தைலம் விற்றவர்கள் இருந்தார்கள். வெட்டுக்காயம், தீக்காயம் போன்றவற்றுக்குப் போடும் களிம்பு அது. விற்பவர் சாமுராய் வேடத்தில், இடுப்பில் வாளோடு நின்று, மனப்பாடமாக ஒரு நீண்ட வசனத்தை ராகம் போட்டுச் சொல்வார். அந்த மலையில் முன்காலில் நான்கு விரலும் பின்காலில் ஆறு விரலும் கொண்ட ஒரு விசேஷத் தேரை உண்டு. அதைப் பிடித்து வந்து நான்கு பக்கமும் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் விடுவார்கள். தேரை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும். இவ்வளவு அவலட்சணமாகவா இருக்கிறோம் என்று திடுக்கிட்டு அதற்கு வியர்த்துக் கொட்டும். சொட்டுச் சொட்டாக வடியும் அந்த வியர்வையைச் சேகரித்து, இருபத்தோரு நாள் காய்ச்சி எடுத்ததுதான் கையில் இருக்கும் இந்தத் தைலம்.

கதை முழுப் புளுகு. ஆனால் அதன் கட்டுமானம் சாதாரணமானதல்ல. கேட்பவர் சிரிக்கும் இடம் தேரைக்கு வியர்க்கும் இடம். விற்கப்படும் பொருள் அந்த வியர்வை. சிரிப்பையும் சரக்கையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. தைலத்தை எடுத்துவிட்டால் கதைக்கு முடிவில்லை; கதையை எடுத்துவிட்டால் தைலத்துக்குப் பிறப்பில்லை. இதற்குப் பிறகு விற்பவர் வாளை உருவுவார். ஒரு தாளை இரண்டாக, இரண்டை நான்காக, நான்கை எட்டாக வெட்டி வெட்டி, கடைசியில் பனித்தூள் போல ஊதிப் பறக்கவிடுவார். வாளின் கூர்மை நிரூபணமானதும் தன் கையிலேயே மெல்லக் கீறித் தைலத்தைத் தடவிக் காட்டுவார். இந்த விற்பனையையே வைத்துக் கேலியாக ஒரு ரகுகோ நகைச்சுவைக் கதையும் பிறந்திருக்கிறது. அதில் தைலக்காரர் குடித்துவிட்டு வந்து, கையை நிஜமாகவே ஆழமாக வெட்டிக்கொள்கிறார். எவ்வளவு தைலம் தடவியும் இரத்தம் நிற்கவில்லை. கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, இரத்தத்தை நிறுத்த உங்களில் யாரிடமாவது ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்கிறார். கதை அளந்த உயரத்துக்குச் சரக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுமானத்தைத் தமிழ்நாட்டுப் பொருட்காட்சிக் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பொருள், கயிறு இழுத்து நறுக்கும் சிறிய சாப்பர். பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் சுழலும் பிளேடு, மேலே மூடி, மூடியில் கைப்பிடியோடு ஒரு கயிறு. வெங்காயத்தைப் போட்டு மூடிக் கயிற்றை நாலைந்து முறை இழுத்தால் பொடியாகிவிடும். விற்பவர் சொல்லத்தக்க கதை ஒன்று இப்படி இருக்கலாம்:

“எங்க பக்கத்து வீட்டுக்குத் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருந்தாரும்மா. மாமியார் ஒத்தை ஆளா கஷ்டப்படுறாங்களேன்னு வெங்காயம் நறுக்க உக்காந்துட்டாரு. ரெண்டு வெங்காயம்தான் நறுக்கியிருப்பாரு, கண்ணுல தாரை தாரையா தண்ணி. அந்த நேரம் பாத்து மாமனார் உள்ள வந்தாரு. மாப்பிள்ளை அழுறதைப் பாத்துப் பதறிப்போய், ‘ஐயோ மாப்ள, அழாதீங்க! அந்த மோதிரம்தானே? நாளைக்கே வாங்கிப் போட்டுர்றேன்!’னுட்டாரு. மாப்பிள்ளை என்ன பண்ணாரு தெரியுமா? கண்ணைத் தொடச்சுக்கிட்டு, ‘அத்தை, இன்னும் ரெண்டு கிலோ வெங்காயம் எடுங்க’ன்னாரு!”

சிரிப்பு எழும்போது விற்பவர் கையில் ஏற்கெனவே வெங்காயம் இருக்க வேண்டும். சிரிப்பு இறங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வாக்கியம்: “மோதிரம் வேணும்னா கத்தியால நறுக்குங்கம்மா. சாம்பார்தான் வேணும்னா இதுல போடுங்க.” வெங்காயம் கிண்ணத்துக்குள் விழுகிறது, மூடி பூட்டுகிறது, கயிறு இழுபடுகிறது.

முழுக் கதையும் சொல்லி முடிக்க முக்கால் நிமிடம் பிடிக்கும். அதற்குள் என்னென்ன நடந்துவிட்டது என்று பார்த்தால் இந்தத் தொழிலின் கணக்கு புரியும். வெங்காயம், கத்தி, கண்ணீர் மூன்றும் கதைக்குள் வந்துவிட்டன. கண் எரியும் தொல்லையை விற்பவர் குறையாகச் சொல்லவில்லை. “வெங்காயம் நறுக்க நீங்கள் படும் கஷ்டம் தெரியாதா” என்று கேட்டிருந்தால், முப்பது வருடம் அரிவாள்மணையில் நறுக்கிப் பழகிய அம்மா ஒருவர், “எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே” என்று சொல்லிவிட்டு நடந்திருப்பார். மாப்பிள்ளையின் கண்ணீருக்குச் சிரித்தவர் அதை மறுக்க முடியாது. வெங்காயம் கண்ணைக் கரிக்கும் என்பதை ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சிரிப்பே வரும். கேட்பவரைச் சிரிக்க வைப்பதன் மூலம் விற்பவர் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வது இந்த ஒப்புதலைத்தான்.

கதையில் யார் அசடு வழிகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. மாமனார் ஏமாளி, மாப்பிள்ளை காரியக்காரர். சமையலறையில் தினமும் நிற்கும் பெண் இதில் கேலிக்கு ஆளாகவில்லை. வாங்கப்போவது பெரும்பாலும் அவர்தான் என்பதால் இது தற்செயலாக அமையக் கூடாது. கல்யாணமான ஆண்களின் துயரம் பற்றிய வழக்கமான மனைவி ஜோக் ஒன்றைச் சொல்லியிருந்தால் ஆண்கள் சத்தமாகவே சிரித்திருப்பார்கள். பணப்பையைத் திறக்க வேண்டியவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு குழந்தையின் கையைப் பிடித்து நகர்ந்திருப்பார். தலைதீபாவளி மோதிரத்திலேயே ஒரு முள் இருக்கிறது என்று சிலருக்குப் படலாம், அது நியாயமும்கூட. மகளுக்குச் சீர் செய்து களைத்த தகப்பனார் முன்வரிசையில் நின்றால் இந்தக் கதை அவருக்குச் சிரிப்பைத் தராது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து மோதிரத்துக்குப் பதில் சினிமா டிக்கெட் என்று மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்தான் தேர்ந்த விற்பனைக்காரர்.

கதையின் உயிர் அதன் கடைசி வார்த்தைக்கும் கை செய்யும் முதல் காரியத்துக்கும் இடையே உள்ள நேரத்தில் இருக்கிறது. சிரிப்பு இரண்டு மூன்று நொடிகளில் அடங்கிவிடும். அதற்குள் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால், கதை முடிந்தது என்று கால் நகரத் தொடங்கும். அனுபவம் இல்லாத விற்பனைக்காரர் இந்த இடத்தில்தான் தோற்கிறார். கதையைச் சொல்லி முடித்துவிட்டு, அவரும் சேர்ந்து சிரித்து, பிறகு கீழே குனிந்து வெங்காயத்தைத் தேடி, தோலை உரிக்கத் தொடங்குவார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே கதையைத் தொடங்கும் முன்பே வெங்காயம் தோலுரித்து நான்காக வெட்டித் தட்டில் இருக்க வேண்டும். கிண்ணம் துடைத்திருக்க வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும். கதை நடந்துகொண்டிருக்கும்போதே கை ஒரு துண்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். கதையில் வெங்காயம் வரும்போது கையிலும் வெங்காயம் இருந்தால், கண் ஏற்கெனவே பொருளின் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பொருட்காட்சியின் இரைச்சல் இன்னொரு நிபந்தனையை விதிக்கிறது. பக்கத்துக் கடையில் மைக், ராட்டினத்தில் பாட்டு, நடுவே காணாமல்போன குழந்தையைப் பற்றிய ஒலிபெருக்கி அறிவிப்பு. கேட்பவர்களில் பாதிப் பேர் கதையின் நடுவில்தான் வந்து சேர்வார்கள். ஆகவே சிக்கலான முடிச்சு உள்ள கதை அங்கே பிழைக்காது. ஒவ்வொரு வாக்கியமும் சிறிதாக, தானாகவே புரிவதாக இருக்க வேண்டும். “மாப்பிள்ளை அழுகிறார், மாமனார் பார்க்கிறார்” என்ற இடத்தில் வந்து நின்றவருக்கும் முடிவு புரிய வேண்டும். பழகியவர்கள் கதையைக் கூட்டம் முழுவதற்கும் உரக்கச் சொல்வதில்லை. முதலில் நிற்கும் இரண்டு மூன்று பேரின் முகத்தைப் பார்த்து அவர்களுக்காகவே சொல்வதுபோலச் சொல்வார்கள். அவர்கள் சிரிப்பது கேட்டுத்தான் பின்னால் வருபவர் எட்டிப்பார்ப்பார்.

இதற்கு அடுத்த கட்டம் பணம். அமெரிக்காவின் கடற்கரை நடைபாதைகளிலும் கண்காட்சிகளிலும் சமையலறைக் கருவிகள் விற்ற பரம்பரையினர் இதற்குத் ‘திருப்பம்’ என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவர் வாங்குபவராகத் திரும்பும் கணம் அது. அந்தப் பரம்பரையில் வந்த ரான் போபீல் என்பவர், சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் தன் தகப்பனார் தயாரித்த சாமான்களைச் செய்துகாட்டி விற்கத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சியில் அதையே செய்து பெரும் பணக்காரரானார். 2021ல் காலமானார். பின்னாளில் தொலைக்காட்சி நட்சத்திரமான எட் மக்மேனும் இளம் வயதில் அட்லாண்டிக் சிட்டி நடைபாதையில் காய் நறுக்கும் கருவி விற்றவர்தான். மேடை நகைச்சுவையாளருக்குக் கைதட்டல் வந்தால் வேலை முடிந்தது. நடைபாதையில் நிற்பவருக்குக் கைதட்டல் ஓர் ஆபத்து. கைதட்டியவர் தன் பங்கைச் செலுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே கதை எவ்வளவு நன்றாக எடுபட்டாலும், கூட்டம் விற்பவரை ரசிக்கும் நிலையிலிருந்து பொருளை ரசிக்கும் நிலைக்கு மாறும்வரை விலை வெளியே வரக் கூடாது. சாப்பர் விற்பவர் விலையைச் சொல்ல வேண்டிய சமயம் கதை முடிந்தவுடன் அல்ல. நறுக்கிய வெங்காயம் தட்டில் கொட்டப்பட்டு, முன்வரிசை அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான்.

இரண்டாவது கதைக்கு இங்கே இடமில்லை. முதல் கதைக்குக் கிடைத்த வரவேற்பில் மயங்கி இன்னொன்றை எடுத்துவிடுவது இந்தத் தொழிலில் பரவலான நோய். ஒரு கதை வந்தால் அது முன்னுரை. இரண்டாவதும் வந்தால் இங்கே இலவசமாகக் கச்சேரி நடக்கிறது என்று கூட்டம் முடிவுகட்டி, மூன்றாவதுக்குக் காத்திருக்கும்.

கதை எடுபட்டதா என்பதைச் சிரிப்புச் சத்தத்தை வைத்துக் கணிப்பது தவறு. சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு” என்று தங்கள் கதையைத் தொடங்கினால், பேச்சு விற்பவர் கையைவிட்டுப் போய்விட்டது. குழந்தைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தால் கதை பொருளைவிடப் பெரிதாகிவிட்டது. சிரித்து முடித்தவர் கழுத்தை நீட்டிக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் கதை தன் வேலையைச் செய்திருக்கிறது. விளம்பரத் துறையிலும் இதே கவலை பழையது. மார்க் வைன்பெர்கரும் சார்லஸ் குலாஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1992ல் வெளியிட்ட கட்டுரை, நகைச்சுவை கவனத்தை ஈர்க்கிறது என்பதை உறுதிசெய்தது. ஆனால் அது வாங்கச் சம்மதிக்க வைப்பதில் சாதாரண விளம்பரத்தைவிட மேலானது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும் சொன்னது. பொருளோடு ஒட்டிய நகைச்சுவை, ஒட்டாத நகைச்சுவையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது அதன் இன்னொரு முடிவு. தேரைத் தைலக்காரருக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

அலுவலக அறையில் நடக்கும் விற்பனைக்கு இதே கலை வேறு அளவில் தேவைப்படுகிறது. அங்கே யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. நேரம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். எனவே முக்கால் நிமிடக் கதை அங்கே நீளம். கட்டுமானப் பொருள் கடை முதலாளியிடம் சரக்கிருப்பு மென்பொருள் விற்கப் போனவர் இருபது நொடியில் சொல்லக்கூடிய கதை ஒன்று: “எங்க மாமாவும் ஹார்டுவேர் கடைதான் சார். ஸ்டாக் கணக்கு மொத்தமும் அவர் தலைக்குள்ளதான். ஒரு தடவை பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தாரு. கடைப்பையன் தலையைப் பாத்துட்டு, ‘முதலாளி, கணக்கையும் சேத்துக் காணிக்கை குடுத்துட்டீங்களா?’ன்னுட்டான்.” உடனே மடிக்கணினித் திரையைத் திருப்பி, “நாலு இஞ்சு பைப் எத்தனை இருக்குன்னு இங்க பாருங்க சார்” என்று காட்டிவிடலாம்.

கதையில் அசடு வழிபவர் விற்பவரின் சொந்த மாமா. முதலாளியும் அதே பழக்கம் உள்ளவராக இருக்கக்கூடும். தன்னைக் கேலி செய்ததாக நினைக்காமல், அந்த மாமாவைப் பார்த்துச் சிரிப்பதுபோலத் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்ள அவருக்கு வழி இருக்கிறது. ஆனால் அறையின் மூலையில் இருபது வருடமாகப் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் நிலைமை வேறு. முதலாளி சிரிக்கும்போது அவர் சிரிக்க மாட்டார். தன் வேலைக்கு உலை வைக்க வந்தவன் என்றுதான் அவருக்குப் படும். மென்பொருளை வாங்கிய பிறகு அதில் தினமும் சரக்கு வரவு ஏற்ற வேண்டியவரும் அவரே. “தம்பி, இது சரிப்பட்டு வராது முதலாளி” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறையில் அவர் இருப்பதைப் பார்த்ததும் கதையை விழுங்கிவிட்டு நேராகத் திரையைக் காட்டுவதே மேல்.

சிரிப்பு பேரத்தில் உண்மையிலேயே உதவுகிறதா என்று சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கேரன் ஓக்வினும் ஜோயல் அரனாஃபும் 1981ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஓவியத்தின் விலைக்காகப் பேரம் நடந்தது. எதிர்த்தரப்பு தன் கடைசி விலையைச் சொல்லும்போது சிலரிடம் வெறும் விலையை மட்டும் சொன்னது. வேறு சிலரிடம் அதோடு, “என் செல்லத் தவளையையும் சேர்த்துத் தருகிறேன்” என்றது. தவளையைக் கேட்டவர்கள் விலையில் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். 2017ல் பிராட் பிட்டர்லியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. சுவிட்சர்லாந்துச் சுற்றுலாச் சேவை ஒன்றுக்காகப் பரிந்துரை வாசித்துக்காட்டும்போது, அந்நாட்டுக் கொடியே ஒரு பெரிய பிளஸ் என்று ஒரு சிலேடையைச் சேர்த்தவர், சேர்க்காதவரைவிடத் தன்னம்பிக்கையும் திறமையும் உள்ளவராக மதிக்கப்பட்டார். சிலேடை சுமார்தான். ஆனால் அது சுற்றுலாவைப் பற்றிய பேச்சுக்குள்ளேயே இருந்தது, ஒரு வரியில் முடிந்தது. அதே ஆய்வுத் தொடரில், இடம்பொருள் தெரியாமல் சொன்ன ஜோக் சொன்னவரின் திறமை மீதான மதிப்பைக் குறைத்தது. சந்தேகமான ஜோக்கைச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது லாபம் என்பது அலுவலக விற்பனையில் கணக்காகவே உண்மை.

இனி, கதைக்குப் பின்னால் வரும் பேச்சு. கதையில் மிகைப்படுத்தலாம். தேரைக்கு வியர்க்கலாம், மாப்பிள்ளை இரண்டு கிலோ நறுக்கலாம். அதை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. கதை முடிந்து “இதில்” என்று பொருளைச் சுட்டிய பிறகு சொல்லும் ஒவ்வொன்றும் வாக்குறுதி. சாப்பரில் மூடிக்குள் நறுக்குவதால், கண்ணைக் கரிக்கும் ஆவி பெருமளவு உள்ளேயே அடைபட்டிருக்கும். ஆனால் தோலுரித்து நான்காக வெட்டும் வேலை வெளியில் கத்தியால்தான் நடக்கிறது. மூடியைத் திறக்கும்போதும் கொஞ்சம் ஆவி மேலே வரும். “கண்ணெரிச்சல் குறையும்” என்றால் உண்மை. “ஒரு சொட்டுக் கண்ணீர் வராது” என்றால், மூடி திறக்கும்போது குனிந்து பார்க்கும் முதல் ஆளே அதைப் பொய்யாக்கிவிடுவார். கதை எவ்வளவு சிரிப்பை எழுப்பியதோ, அவ்வளவு சிரிப்பு அப்போது விற்பவர் பக்கம் திரும்பும்.

சட்டமும் இந்தக் கோட்டைத்தான் கவனிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மருந்து விற்பவர்களுக்கு 1954லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. மந்திரசக்தியால் நோய் தீரும் என்றும், பட்டியலிட்ட சில நோய்களைக் குணப்படுத்தும் என்றும் விளம்பரம் செய்வதை அது குற்றமாக்கியது. பேருந்து நிலையத்து லேகியக் கதைகள் இந்தச் சட்டத்துக்குப் பின்னும் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

வாங்கப்போகிறவர் கதையை ரசிப்பதில் தவறில்லை. சிரித்து முடித்ததும் விற்பவரிடம் மூன்றைக் கேட்டுவிட வேண்டும். முதலாவதாக, ஒரு பழுத்த தக்காளியை அதே கிண்ணத்தில் நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெங்காயம் இரண்டு போட்டுக் காட்டியிருந்தால், கிண்ணம் நிறையப் போட்டும் இழுக்கச் சொல்லுங்கள். சாமான்யமான சாப்பர் தக்காளியைக் கூழாக்கும், நிறையப் போட்டால் சிக்கிக்கொள்ளும். அப்படி ஆனாலும் வெங்காயத்துக்கும் பச்சைமிளகாய்க்கும் போதும் என்று தோன்றினால் வாங்கலாம். கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறும் பிளேடும் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. மூன்றாவதாக, ஊர் முகவரியோடு ரசீது கேளுங்கள். பொருட்காட்சி முடிந்த மறுநாள் அந்தக் கடை அங்கே இருக்காது.